வடிவமைப்பாளர் இல்லாத குழுவுக்கு டெம்ப்ளேட்: நீளமான ஊர்ப்பெயரில் இருந்து தொடங்குங்கள்

கேள்வி: நாங்கள் கிளிநொச்சியில் இயங்கும் ஒரு சிறு உற்பத்தியாளர் சங்கம், வேலை செய்வது ஆறு பேர். நிதி தந்த நிறுவனம் ஆங்கிலத்தில் ஒரு பிராண்ட் கையேடு தந்தது: பச்சை, மஞ்சள், Montserrat எழுத்துரு, லோகோ விதிகள். ஆனால் பிள்ளைகள் ஒவ்வொருவரும் போனில் தங்களுக்குத் தெரிந்தபடி போஸ்டர் செய்கிறார்கள், ஒன்று போல ஒன்று இல்லை. டிசைனர் வைக்க வசதி இல்லை. எல்லாரும் பாவிக்கக்கூடிய டெம்ப்ளேட் கிட் ஒன்றை எப்படிச் செய்வது? அண்ணாமார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

பதில்: வவுனியாவில் அச்சக வேலையும், வன்னியில் உள்ள சங்கங்களுக்கும் நிறுவனங்களுக்கும் இப்படியான டெம்ப்ளேட் செய்து கொடுக்கும் வேலையுமாக 15 வருடம் போய்விட்டது. அதை வைத்துச் சொல்கிறேன். உங்கள் கேள்வியிலேயே முதல் காரணம் இருக்கிறது. Montserrat எழுத்துருவில் தமிழ் எழுத்தே கிடையாது. பிள்ளை அதைத் தெரிவு செய்துவிட்டுத் தமிழில் தட்டினால், போனோ கணினியோ தன்னிடம் இருக்கும் ஏதாவது ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுவிடும். ஒரு போனில் ஒன்று வரும், பக்கத்தில் இருப்பவரின் லாப்டொப்பில் இன்னொன்று வரும். ஆறு பேரும் கையேட்டை ஒழுங்காகப் பின்பற்றினாலும் ஆறு விதமாகத்தான் வரும். பிள்ளைகளைப் பேசிப் பயனில்லை.

அதனால் டெம்ப்ளேட்டைத் திறக்கும் முன்னமே ஒரு தமிழ் எழுத்துருவை முடிவு செய்து, நிதி தந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சலில் எழுதி ஒப்புதல் வாங்குங்கள். கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகக் கிடைப்பவற்றில் Mukta Malar, Catamaran, Noto Sans Tamil மூன்றும் Montserrat பக்கத்தில் நின்றால் உறுத்தாது. நான் பெரும்பாலும் Mukta Malar எடுப்பேன், அதில் தமிழும் ஆங்கிலமும் ஒரே கையால் வரைந்தது போல இருக்கும். இது என் விருப்பம்தான். ஆனால் ஒரு விஷயத்தில் விருப்பத்துக்கு இடமில்லை: எடுக்கும் எழுத்துருவுக்குத் தனியான தடித்த வடிவம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் மெல்லிய எழுத்தைத் தானே ஊதிப் பெருக்கும், அப்போது ண, ழ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துப் போகும். அப்புறம், எழுத்துகளுக்கு இடையில் இடைவெளி கூட்டும் வசதியைத் தமிழுக்குத் தொடவே கூடாது என்று எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். ஆங்கிலத்தில் அது அழகாக இருக்கும். தமிழில் ‘கொ’ என்ற ஒரு எழுத்து மூன்று துண்டாக விலகி நிற்கும்.

நிறத்துக்கும் இப்படி ஒரு தடவை உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். கையேட்டில் நிறங்களுக்கு எண் தந்திருப்பார்கள். உதாரணத்துக்கு உங்கள் பச்சை #1B5E20, மஞ்சள் #F9A825 என்று வைத்துக்கொள்வோம். வெள்ளையில் அந்தப் பச்சை எழுத்தின் ஒளி வேறுபாடு கிட்டத்தட்ட 7.9 வரும். சிறிய எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்பது பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு, ஆகவே தாராளம். வெள்ளையில் மஞ்சள் எழுத்து 2கூட வராது, யாருக்கும் தெரியாது. பச்சைப் பின்னணியில் மஞ்சள் 4 அளவில் நிற்கும், பெரிய தலைப்புக்குச் சரி, தொலைபேசி இலக்கத்துக்குச் சரியில்லை. இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டிய தேவை இல்லை. வெள்ளையில் மஞ்சள் எழுத்து வரக்கூடிய இடமே இல்லாதபடி டெம்ப்ளேட்டைச் செய்துவிட்டால் போதும்.

எத்தனை டெம்ப்ளேட் என்று கேட்பீர்கள். மூன்று போதும்: படம் இல்லாத அறிவித்தல், ஒரு பெரிய படத்தோடு பொருள் விளம்பரம், நிகழ்வு முடிந்த பிறகு போடும் படப்பதிவு. முதலாவதற்கு மட்டும் இரண்டு அளவு வேண்டும், பேஸ்புக்குக்கு 1080க்கு 1350 பிக்சல், சுவரில் ஒட்ட A3. இருபது டெம்ப்ளேட் கொண்ட கிட்டையும் நான் செய்து கொடுத்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் இரண்டைத்தான் பாவிக்கிறார்கள், மிச்சத்தில் இருந்து துண்டு துண்டாக வெட்டி ஒட்டிப் புதிதாக ஒன்று செய்திருக்கிறார்கள்.

இனி வேலையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். டெம்ப்ளேட் செய்பவர்கள் வழக்கமாக அழகான சிறிய சொற்களை மாதிரியாகப் போட்டு வடிவமைப்பார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். கிளிநொச்சியில் தலைமை அலுவலகம் இருந்த ஒரு நிறுவனத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டில், இடம் என்ற பெட்டியில் மாதிரியாக ‘கிளிநொச்சி’ என்று போட்டு, அதற்கு அளவாகப் பெட்டியை வெட்டிக் கொடுத்தேன். பார்க்க நன்றாக இருந்தது. இரண்டு கிழமையில் முல்லைத்தீவுக் கிளையில் இருந்து ஒரு போஸ்டர் வந்தது. ‘புதுக்குடியிருப்’ என்று ஒரு வரி, அடுத்த வரியில் தனியாக ஒரு ‘பு’. கிளிநொச்சி 5 எழுத்து, புதுக்குடியிருப்பு 9 எழுத்து. நடுவில் இடைவெளி இல்லாத சொல் என்பதால் பெட்டி நிறைந்த இடத்தில் உடைந்துவிட்டது. அதைப் பார்த்த பிள்ளை அந்த ஊர்ப்பெயரை மட்டும் சின்னதாக்கினார். பிறகு அது தனியாகச் சின்னதாகத் தெரிகிறது என்று எல்லாவற்றையும் சின்னதாக்கினார். பிழை அந்தப் பிள்ளையுடையது இல்லை, நான் வெட்டிய பெட்டியுடையது.

அதற்குப் பிறகு நான் முதலில் செய்யும் வேலை ஒரு நீளப் பட்டியல் எடுப்பது. உங்கள் சங்கம் கடந்த ஒரு வருடத்தில் போட்ட அறிவித்தல்கள் அத்தனையையும் ஒரு இடத்தில் சேருங்கள். வட்ஸ்அப் குழுவில் தேடினாலே கிடைக்கும். ஒவ்வொரு வகைக்கும் மிக நீளமானதை எடுங்கள்: ஊர், மண்டபம், பதவி, பொருள். உங்கள் பக்கத்தில் ‘புதுக்குடியிருப்பு பொது நோக்கு மண்டபம்’, ‘கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர்’ என்ற மாதிரி வரும். டெம்ப்ளேட்டில் மாதிரிச் சொல்லாக அவற்றையே போடுங்கள். அவை அடங்கினால் பூநகரியும் மாங்குளமும் தானாக அடங்கும். சிங்களமும் சேர்த்துப் போட வேண்டிய அறிவித்தல்கள் இருந்தால் அதையும் இப்போதே பட்டியலில் சேருங்கள். பிறகு நுழைக்க இடம் இராது.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். கச்சான் கொள்வனவு தொடங்குகிறது, அறிவிக்க வேண்டும். பிள்ளை எழுதிக் கொண்டுவருவது வழக்கமாக இப்படி இருக்கும்: ‘அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! எமது சங்கத்தினால் இம்முறையும் கச்சான் கொள்வனவு நடவடிக்கை எதிர்வரும் சனிக்கிழமை காலை 8 மணி முதல் புதுக்குடியிருப்பு பொது நோக்கு மண்டபத்தில் ஆரம்பிக்கப்படவுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகின்றோம்.’ இதை அப்படியே போஸ்டரில் போட்டால் நடுவில் ஒரு எழுத்து மூட்டை கிடக்கும். மோட்டார் சைக்கிளில் போகிறவர் நாளையும் இடத்தையும் அதற்குள் தேடிக்கொண்டிருக்க மாட்டார். டெம்ப்ளேட்டில் நான் வைப்பது நான்கு பெட்டி. தலைப்பு, அதிகம் இரண்டு வரி, ‘கச்சான் கொள்வனவு ஆரம்பம்’ அதற்குள் வந்துவிடும். அதற்குக் கீழே ‘எப்போது’ என்று அச்சிட்ட சொல்லும் பக்கத்தில் நிரப்பும் பெட்டியும்: ‘சனி காலை 8 மணி முதல்’. பிறகு ‘எங்கே’, அதற்கு இரண்டு வரி இடம். கடைசியாக ‘தொடர்புக்கு’. கீழே லோகோவும் நிதி தந்தவர்களின் லோகோவும் அசையாத பட்டையில் இருக்கும். நிரப்புகிறவர் வசனம் எழுத வேண்டியதே இல்லை, ஒரு படிவம் நிரப்புவது போலத்தான். எப்போது, எங்கே என்ற சொற்கள் அச்சில் இருப்பதால், அந்த விவரம் விடுபட்டால் வெற்றிடம் கண்ணில் குத்தும். மண்டபத்தின் பெயர் இல்லாமல் 200 போஸ்டர் அச்சாகி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் அது நடந்திராது.

பெட்டி நிறைந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பவர்பொயின்டில், நிரப்பும் பெட்டிகள் பெரும்பாலும் எழுத்தைத் தானாகச் சுருக்கிக் கொள்ளும் நிலையில்தான் இருக்கும். வசதி போலத் தெரிந்தாலும் கிட்டைக் கெடுப்பது இதுதான், ஏனென்றால் யாரும் கவனிக்காமலே ஒவ்வொரு போஸ்டரிலும் எழுத்து ஒவ்வொரு அளவாகிவிடும். Format Shape பலகையில் Text Box பகுதிக்குப் போய் Do not Autofit என்பதைத் தெரிவு செய்யுங்கள். அப்போது சொல் கூடினால் எழுத்து பெட்டியை மீறி வெளியே வழியும். வழியட்டும். சொல்லைக் குறை என்று டெம்ப்ளேட் சொல்வது அப்படித்தான். கன்வாவில் எழுத்து சுருங்காது, பெட்டி கீழ்நோக்கி நீளும். ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே ஒரு மெல்லிய கோட்டைப் பூட்டி வையுங்கள். எழுத்து கோட்டில் ஏறினால் எவருக்கும் தெரியும்.

எந்த மென்பொருள் என்பதற்கு என் பதில் எளிது: போனில் செய்வதற்குக் கன்வா, அச்சுக்குப் போவதற்கு அலுவலகக் கணினியில் இருக்கும் பவர்பொயின்ட். கன்வாவில் லோகோ, பட்டை, பின்னணி மூன்றையும் தெரிவு செய்து Lock போடுங்கள். எழுத்துப் பெட்டிகளுக்கு இடத்தை மட்டும் பூட்டும் Lock position only போதும், உள்ளே தட்டலாம், இழுக்க முடியாது. ஆனால் இந்தப் பூட்டு கைதவறிப் படுவதைத்தான் தடுக்கும். திருத்தும் உரிமை உள்ள எவரும் அதைத் திறக்கலாம். ஆகவே மூலப் பிரதியை ஒருவர் மட்டும் வைத்திருந்து, மற்றவர்கள் Make a copy எடுத்து வேலை செய்வது நல்லது. பதிவு பெற்ற இலாப நோக்கற்ற அமைப்புகளுக்குக் கன்வா தன் கட்டணப் பதிப்பை இலவசமாகத் தரும் திட்டம் ஒன்று உண்டு. நீங்கள் இலாபம் பங்கிடும் கூட்டுறவு என்றால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம், இலவசப் பதிப்பிலேயே இதில் பெரும்பாலானதைச் செய்யலாம்.

பவர்பொயின்டில் பூட்டு இன்னும் பலமானது. View பட்டியில் Slide Master திறந்து, லோகோவையும் பட்டையையும் அங்கே வையுங்கள், நிரப்பும் பெட்டிகளை Insert Placeholder மூலம் வையுங்கள். மூடிவிட்டு வழமையான பார்வைக்கு வந்தால் லோகோவைத் தொடவே முடியாது, பெட்டிகளை மட்டும் நிரப்பலாம். .potx ஆகச் சேமித்தால், இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது ஒவ்வொரு முறையும் புதிய பைலாகத்தான் திறக்கும், மூலம் கெடாது. ஒரு இடத்தில் மட்டும் கவனம்: பக்க அளவுப் பட்டியலில் A3 Paper என்று இருப்பதைத் தெரிவு செய்யாதீர்கள். அது உண்மையான A3 இல்லை, 35.56க்கு 26.67 சென்ரிமீற்றர்தான். 29.7, 42 என்று நீங்களே தட்டிப் போடுங்கள். அச்சகத்தில் ஓரம் வெள்ளையாக விழுந்த போஸ்டர்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

எழுத்தின் அளவுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. 1080 பிக்சல் அகலமான படம் சாதாரணப் போனில் ஏறக்குறைய 6.5 சென்ரிமீற்றர் அகலத்தில் தெரியும். அதில் 48 பிக்சல் எழுத்து 3 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். கண்ணாடி போட்ட ஒரு அம்மாவுக்கு அதற்குக் கீழே போனால் சிரமம். ஆகவே பதிவில் 48க்குக் குறைந்த எழுத்தே வேண்டாம். வரி இடைவெளியை எழுத்தளவின் 1.3 மடங்குக்குக் குறைக்க வேண்டாம். தமிழில் மேலே புள்ளியும் விசிறியும் உண்டு, கீழே உகரத்தின் வால் உண்டு. நெருக்கினால் மேல்வரியின் ‘பு’வும் கீழ்வரியின் ‘ட்’டும் ஒன்றையொன்று இடிக்கும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இன்றும் பல இடங்களில் பாமினி எழுத்துருவில் தட்டும் பழக்கம் இருக்கிறது. நீங்கள் யூனிகோட்டில் செய்த பைலைக் கொடுத்தால், அவர்களின் பழைய மென்பொருள் அதைச் சரியாகத் திறக்காமல், அங்கேயே திரும்பத் தட்டிவிடுவார்கள். அத்தோடு உங்கள் எழுத்துருவும் போய்விடும், புதிய எழுத்துப் பிழையும் சேரும். நான் அச்சகத்தின் உள்ளே இருந்தவன், வேலை நெருக்கத்தில் நாங்களும் இதைச் செய்திருக்கிறோம். பிடிஎஃப் ஆக மட்டுமே கொடுங்கள், திருத்த வேண்டாம் என்று சொல்லியும் கொடுங்கள். கன்வாவில் PDF Print என்ற தெரிவை எடுங்கள். மாதிரித்தாளை வாங்கி முதலில் ‘கொள்வனவு’ போன்ற ஒரு சொல்லைப் பாருங்கள். கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் விழுந்திருந்தால், அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தெரிந்தால், இடையில் எங்கோ மென்பொருள் தமிழை உடைத்துவிட்டது என்று அர்த்தம். மற்ற எதையும் பார்க்காமல் திருப்பிக் கொடுங்கள்.

லோகோ பற்றிக் கொஞ்சம். பேஸ்புக்கில் இருந்தோ வட்ஸ்அப்பில் வந்த படத்தில் இருந்தோ யாரும் லோகோ எடுக்கக் கூடாது. A3 இல் 5 சென்ரிமீற்றர் அகலமாக அச்சிட 590 பிக்சல் அளவில் வேண்டும், வட்ஸ்அப் சுருக்கிய சின்னப் படத்தில் அது இருக்காது. நிதி தந்தவர்களிடம் பின்னணி இல்லாத PNG ஒன்றும், SVG அல்லது பிடிஎஃப் ஒன்றும் கேட்டு வாங்கிப் பொதுக் கோப்புறையில் வையுங்கள். முடிந்த போஸ்டரை வட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் படமாக அனுப்பாமல் Document ஆக அனுப்பச் சொல்லுங்கள். அதே கோப்புறையில் பாவிக்கக்கூடிய புகைப்படங்களையும் வையுங்கள், படத்தில் இருப்பவர் சம்மதம் தந்த படங்களை மட்டும். எங்கள் சனங்களின் முகத்தைப் போஸ்டரில் போட்டவர்கள் பலர், கேட்டுப் போட்டவர்கள் குறைவு.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சோதனை இருக்கிறது, அதைத் தவிர்க்கவே வேண்டாம். குழுவில் கணினிப் பழக்கம் மிகக் குறைந்தவரைக் கூப்பிட்டு, ஒரு உண்மையான அறிவித்தலைக் கையில் கொடுத்து, டெம்ப்ளேட்டைத் திறந்து கொடுங்கள். பக்கத்தில் இருங்கள், வாய் திறக்க வேண்டாம். ஒருமுறை ஒரு தங்கச்சி முதல் வேலையாக லோகோவைப் பிடித்து நடுவுக்கு இழுத்தார். ஏன் என்று பிறகு கேட்டேன். ‘மேல ஒரே வெறுமையா இருந்தது அண்ணா’ என்றார். அவர் சொன்னது சரி. மேலே நான் விட்டிருந்த வெற்றிடம் அளவுக்கு மீறியது, அதைக் குறைத்தேன். லோகோவையும் பூட்டினேன். அவர்கள் கை எங்கே போகிறதோ அங்கே ஒன்று பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் வடிவத்தைத் திருத்த வேண்டும். எது என்பதை அவர்களிடம் கேட்டால்தான் தெரியும்.

இந்தக் கிட்டால் செய்ய முடியாதவையும் உண்டு. திரையில் தெரியும் பச்சை, டிஜிட்டல் பனரில் அதே பச்சையாக வரும் என்று எவராலும் உறுதி தர முடியாது. இயந்திரமும் மையும் மாறினால் நிறம் மாறும். பெரிய பனர் அடிக்கும் முன் ஒரு சிறு துண்டு அடித்துப் பார்க்கக் கேளுங்கள். ஆண்டறிக்கை, விழா மேடைப் பின்னணி போன்றவற்றை டெம்ப்ளேட்டில் நெரிக்க வேண்டாம். வருடத்தில் இரண்டு நாள் ஒரு வடிவமைப்பாளரைக் கூலிக்கு எடுத்தால் போதும். உணவுப் பொருள் லேபலை மட்டும் இந்தப் பிள்ளைகளிடம் விடவே வேண்டாம். அதில் என்னென்ன விவரம் இருக்க வேண்டும் என்பது சட்டப்படி வருவது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்த பிறகுதான் நான் ஒரு லேபலைத் தொடுவேன்.